கல்லீரல் தேநீர்: சுங்கை சிப்புட் டிரெசரிடம் சில கேள்விகள்

கேள்வி (லாரி ஓட்டுநர்): பாசார் மாலாமில் 89 வெள்ளிக்கு வாங்கிய 21 நாள் கல்லீரல் தேநீரைக் குடித்தேன். இரத்தப் பரிசோதனையில் கல்லீரலின் நிலையைக் காட்டும் ஜி.ஜி.டி. அளவு 310-இலிருந்து 150-க்கு இறங்கியது. பயனில்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

பதில்: தம்பி, பெட்டியைத் திருப்பிப் பாருங்கள், இந்த நாட்களில் மது அருந்தக் கூடாது என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். குடியை நிறுத்தியவருக்கு ஜி.ஜி.டி. ஏறத்தாழ இரண்டு மூன்று வாரங்களில் தானாகவே பாதியாகும் என்பதால், உங்கள் கணக்கில் தேநீருக்கென்று மிச்சம் எதுவும் இல்லை. வேலை செய்தது நீங்கள். பெயர் வாங்கியது பெட்டி. கல்லீரலில் கொழுப்பு மட்டும் படிந்திருந்தால், குடிக்காமல் இருக்கும் சில வாரங்களிலேயே பெரும்பாலும் அது கரைந்துவிடும். தழும்பு விழுந்திருந்தால் அப்படி முழுதாக மறையாது, ஆனால் அப்போதும் நிறுத்துவதே மேலும் கெடாமல் காக்கும். ஜி.ஜி.டி. இறங்கியதை வைத்துத் தழும்பு இல்லையென்று முடிவு செய்ய முடியாது. அதற்கு ஸ்கேன் எடுக்க வேண்டும்.

கேள்வி (மளிகைக்கடை அம்மா): மஞ்சளும் கீழாநெல்லியும் பாட்டி காலத்து மருந்து. மாத்திரையாக எடுத்தால் இன்னும் நல்லதுதானே?

பதில்: பாதி சரி, அம்மா. குழம்பில் போடும் மஞ்சளால் தீங்கில்லை. மாத்திரையிலோ அதன் சாரத்தைச் செறிவாக்கி, உடலில் அதிகம் ஏறுவதற்காக மிளகுச் சத்தும் சேர்க்கிறார்கள். அத்தகையவற்றால் சிலருக்குக் கல்லீரலே புண்பட்டிருக்கிறது. பச்சைத் தேயிலைச் சார மாத்திரைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். நான் பணியிலிருந்தபோது அதை விழுங்கி வந்த பெண் ஒருவர், சிறுநீர் தே ஓ நிறத்தில் போகிறது என்று வந்தார்; கண்ணும் மஞ்சளாகியிருந்தது. மாத்திரையை நிறுத்திய பிறகே தேறினார். பெட்டியிலுள்ள MAL எண் ‘T’ என்று முடிந்தால் அது பாரம்பரிய மருந்தாகப் பதிவானது என்று பொருள். நோயைக் குணப்படுத்தும் என்பதற்கு அது சான்றாகாது. கீழாநெல்லி குடிகாரரின் கல்லீரலுக்கு உதவுமா என்பது இன்னும் தீராத கேள்வி.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியர்): கோப்பி நல்லது என்கிறார்களே?

பதில்: கோப்பி குடிப்பவர்களிடம் தழும்பு குறைவாகக் காணப்படுவது உண்மை, ஆனால் காரணம் கோப்பிதானா என்பது உறுதியாகவில்லை. கெட்டிப்பால் ஊற்றாத கோப்பி ஓ என்றால் நான் தடுக்க மாட்டேன்.

கேள்வி (தோட்டத்துப் பெண்): தினமும் சம்சு குடிக்கும் என் கணவர் நேற்றோடு நிறுத்திவிட்டார். காலையிலிருந்து கை நடுங்குகிறது, வியர்த்துக் கொட்டுகிறது. நச்சு இறங்குகிறது என்று தேநீர் கொடுக்கிறேன், சரியா?

பதில்: இது நச்சு இறங்குவதன்று, தங்கச்சி, பழகிய உடலுக்குச் சாராயம் திடீரென நின்றதன் விளைவு. முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம், அதன்பின் பிதற்றலும் பிரமையும் தொடரலாம், உயிரும் போகலாம். தேநீரை வைத்துவிட்டு, இப்போதே அரசாங்க ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். கடைசியாக எப்போது, எவ்வளவு குடித்தார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். நடுக்கத்தை அடக்கும் மருந்தும் வைட்டமின் பி1 ஊசியும் அதைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். வலிப்பு வந்தால் 999-ஐ அழையுங்கள்.