பல்பர் விற்ற கணக்கு: நட்டமா, லாபமா?

"ஏற்காடு எஸ்டேட்டில் காபிப் பழத்தின் தோலை நீக்கும் பல்பர் இயந்திரம், 1.10.2022-ல் 4,00,000 ரூபாய்க்கு வாங்கியது. குறைந்து செல் மதிப்பு முறை, 20%. கணக்கு முடிப்பு மார்ச் 31. 30.9.2024-ல் 2,70,000-க்கு விற்பனை. எனக்கு 18,000 நட்டம் வருகிறது, விடையில் 10,800 லாபம். எங்கே தப்பு?"

முதல் வருடம் ஆறு மாதத்துக்கு 40,000, அடுத்த வருடம் 3,60,000-க்கு 72,000. இதுவரை சரியாகவே போட்டிருக்கிறீர்கள், மீதி 2,88,000. விற்ற வருடத்தைத்தான் விட்டுவிட்டீர்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை பல்பர் உங்களிடம்தானே இருந்தது? அந்த ஆறு மாதத் தேய்மானம் 28,800. அதைக் கழித்தால் ஏட்டு மதிப்பு 2,59,200, லாபம் 10,800.

நேர்கோட்டு முறையில் இதே 20% என்றால், தேய்மானம் எப்போதும் அடக்கவிலையின் மீதுதான். இரண்டு வருடத்துக்கு 1,60,000 போய், மீதி 2,40,000, லாபம் 30,000.

ஒன்று கவனியுங்கள். மொத்தத் தேய்மானத்திலிருந்து லாபத்தைக் கழித்தால் இரண்டு முறையிலும் 1,30,000தான் வரும், அதாவது வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசம். ஆனால் இதை வைத்து விடையைச் சரிபார்க்காதீர்கள். உங்கள் தப்பான கணக்கிலும் 1,12,000 தேய்மானமும் 18,000 நட்டமும் சேர்ந்து அதே 1,30,000 வந்துவிடுகிறது. வாங்கிய தேதி, விற்ற தேதி இரண்டுக்கும் மாதங்களை எண்ணிப் பார்த்தால்தான் இந்தத் தப்பு பிடிபடும்.