வெள்ளைப் பின்னணியில் பறக்கும் முடி: கேள்வி பதில்

கேள்வி: வெளிர் சாம்பல் சுவருக்கு முன்னால் எடுத்த படம், கருப்பு முடி. போட்டோஷாப்பில் Select Subject கொடுத்துப் பின்னணியை வெள்ளையாக மாற்றினால், தலையைக் கத்தரித்து ஒட்டியது போலிருக்கிறது. பறந்த முடிகளைக் காணவில்லை.

பதில்: ஒற்றை முடியிழை பல நேரங்களில் ஒரு பிக்சலைக்கூட முழுதாக நிரப்புவதில்லை. அந்தப் பிக்சலில் பாதி முடியும் பாதி சுவருமாகக் கலந்திருப்பதால், அதை உள்ளே சேர்த்தாலும் தவறு, வெளியே தள்ளினாலும் தவறு. ஆகவே புதிய பின்னணி பழையதைவிட வெளிர்ந்ததா, அடர்ந்ததா என்பதை முதலில் பாருங்கள். உங்களுடையது வெளிர்ந்தது என்பதால், இழைகளைத் தேர்ந்தெடுக்கவே வேண்டியதில்லை.

அடியில் வெள்ளை லேயர் ஒன்றை வையுங்கள். அதன்மேல் படத்தின் நகலை வைத்து, அதன் கலப்பு முறையை Multiply என்று மாற்றுங்கள். எல்லாவற்றுக்கும் மேலே, நீங்கள் ஏற்கெனவே மாஸ்க் செய்த உருவம் இருக்கட்டும். ஆனால் தலையைச் சுற்றி மட்டும் அந்த மாஸ்க்கை மென்மையான பிரஷ்ஷால் சற்று உள்ளே தள்ளிவிடுங்கள். பிறகு நடு லேயரில் Ctrl+L அழுத்தி Levels திறந்து, வலக்கோடியிலுள்ள வெள்ளை முக்கோணத்தை இடப்பக்கம் இழுங்கள். சுவரின் வெளிச்ச அளவு 205 என்றால், முக்கோணம் 205-ஐத் தொட்டதும் சுவர் முழு வெள்ளையாகிவிடும். Multiply முறையில் வெள்ளைக்கு மதிப்பில்லை என்பதால் சுவர் மறைந்து, முடி மட்டும் கருங்கோடுகளாக நிற்கும். அளவுக்கு மீறி இழுத்தால் மிக மெல்லிய இழைகள்தான் முதலில் காணாமற்போகும். அது தெரிந்தவுடன் சற்றுப் பின்வாங்குங்கள். சுவரில் ஒளி ஒரே சீராக இல்லாவிட்டால் மூலைகளில் சாம்பல் படலம் எஞ்சும். முடிக்கு வெகுதூரத்திலுள்ள அந்தப் பகுதியை, நடு லேயருக்கும் ஒரு மாஸ்க் போட்டு மறைத்துவிடலாம்.

கேள்வி: இவ்வளவு எதற்கு? தேர்வுக்கு 3 பிக்சல் Feather கொடுத்தால் முடி தானாக மென்மையாகிவிடுமே?

பதில்: தோள்பட்டை, சட்டை ஓரம் போன்ற இடங்களுக்கு நீங்கள் சொல்வது ஓரளவு சரி. அங்கேகூட 1 பிக்சலுக்கு மேல் தேவைப்படுவது அரிது. முடியிலோ, அந்த 3 பிக்சல் அகலத்துக்குப் பழைய சுவரும் உள்ளே வந்துவிடுகிறது. அதனால்தான் தலையைச் சுற்றிப் புகைபோல ஒரு வளையம் தோன்றுகிறது.

கேள்வி: கிம்ப்பில் முடியுமா?

பதில்: முடியும். Multiply, Levels இரண்டும் அங்கும் உண்டு, வரிசையும் இதேதான்.

கேள்வி: வெள்ளைக்கு இது பொருந்தும். எனக்கு வேண்டியது கரும்பச்சை. Blue சேனலை நகலெடுத்து மாஸ்க் தயாரிக்கிறேன், இழைகள் நன்றாகவே வருகின்றன. ஆனால் ஒவ்வொன்றின் ஓரத்திலும் வெளிர் கோடு நிற்கிறது. Decontaminate Colors நம்பத்தக்கதா?

பதில்: சேனல் தேர்வு சரிதான், நீலத்தில் தோலும் முடியோடு சேர்ந்து அடர்வதால் முகத்தை நிரப்பும் வேலை குறையும். அந்த வெளிர் கோடு, பிக்சலுக்குள் கலந்துவிட்ட சுவரின் ஒளி. மாஸ்க் ஒரு பிக்சலை எவ்வளவு காட்டுவது என்பதை மட்டுமே தீர்மானிக்கும். அதன் நிறத்தை அது மாற்றாது. நீங்கள் கேட்கும் வசதி ஓரப் பிக்சல்களுக்கு அருகிலுள்ள முடியின் நிறத்தைப் பூசுகிறது. குறைந்த அளவில் வைத்தால் நன்று. கம்மல், நெற்றி ஓரம் ஆகியவற்றின் அருகே நிறம் இழுபடுகிறதா என்று 100% அளவில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் விரும்புவது வேறு வழி. உருவ லேயருக்கு மேல் வெற்று லேயர் சேர்த்து, Alt+Ctrl+G அழுத்தி அதோடு பிணைத்து, கலப்பு முறையை Darken ஆக்குங்கள். Alt அழுத்தி முடியின் நிறத்தை எடுத்து, 30% அடர்த்தியுள்ள பிரஷ்ஷால் ஓரங்களில் மெல்ல ஓட்டுங்கள். வெளிர்ந்தவை மட்டும் அடரும், முடியின் கருமை அப்படியே இருக்கும். பின்னாலிருந்து விளக்கு அடித்து எடுத்த படமாக இருந்தால் மட்டும் சிக்கல்: எது சுவரின் ஒளி, எது முடியில் பட்ட உண்மையான மினுக்கு என்பதை நிறத்தை வைத்துப் பிரிக்க முடியாது. அங்கே கண்ணளவுதான், இருவர் செய்தால் இரு விதமாக வரும்.

கேள்வி: என் பாட்டியின் படம் வாட்ஸ்அப்பில் வந்தது. நரைத்த முடி, வெள்ளைச் சுவர். கருநீலப் பின்னணி வேண்டும். மேலே சொன்ன Multiply முறையில் முடியே மறைந்துவிட்டது. எங்கே தவறு?

பதில்: அந்த முறை அடர்ந்த முடியை வெளிர்ந்த பின்னணிக்குக் கொண்டுபோவதற்கு உரியது, உங்களுக்கு வேண்டியது அதற்கு நேர்மாறானது. மூன்று சேனல்களையும் தனித்தனியே திறந்து பாருங்கள். எதிலாவது முடி சுவரிலிருந்து சிறிதேனும் பிரிந்து தெரிந்தால் அதை வைத்து மாஸ்க் செய்யலாம். மூன்றிலும் தெரியாவிட்டால் அந்த இழைகள் படத்திலேயே இல்லை என்று பொருள். எந்தக் கருவியும் அவற்றை எடுத்துத் தராது. தலையின் வெளிக்கோட்டைச் சுத்தமாக எடுத்து, 1 அல்லது 2 பிக்சல் பிரஷ்ஷால் சில இழைகளை மட்டும் வரைந்துகொள்ளுங்கள். அதற்கு முன், படம் எடுத்தவரிடம் மூலக் கோப்பை டாக்குமென்டாக அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். சுருக்கப்பட்ட நகலில் மெல்லிய முடிகள் சிறுசிறு சதுரங்களாக உடைந்திருக்கும். 400% பெரிதாக்கினால் அது கண்ணுக்கே தெரியும்.