ஒரே ரிப்போர்ட்டில் இரண்டு ஜீன்: ஒன்று நிற்கவில்லை, இன்னொன்று நிறுத்தவில்லை

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது. பெருங்குடலில் புற்றுநோய், கல்லீரலுக்கும் போயிருக்கிறது. புதுச்சேரியில் வைத்தியம் நடக்கிறது. கட்டியிலிருந்து எடுத்த ஜீன் ரிப்போர்ட்டில் இருப்பதை அப்படியே அனுப்புகிறேன். முதல் ஜீன் இப்படி இருப்பதால் ஒரு விலை உயர்ந்த ஊசி கேட்காது என்றார்கள். இரண்டாவதற்கு மருந்தே இல்லையாம். இரண்டுமே மியூட்டேஷன்தானே, ஏன் இந்த வித்தியாசம்? கொலோனோஸ்கோபியில் கட்டியைத் தவிர இரண்டு சின்ன பாலிப் மட்டும் இருந்தன. எனக்கு 38, தம்பிக்கு 35. எங்களுக்கும் வருமா? (வாசகர், கடலூர் முதுநகர்)

```
KRAS   c.35G>A     p.G12D     VAF 29%
APC    c.4348C>T   p.R1450*   VAF 58%
Tumor content: 60%
```

மருத்துவர் பதில்: இரண்டும் மியூட்டேஷன்தான். ஆனால் கெட்டுப்போன விதம் நேர் எதிர். மருந்து கேட்குமா, பிள்ளைகளுக்கு வருமா என்ற இரண்டு கேள்விக்கும் விடை அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

முதல் வரி கே-ராஸ். இது எல்லோர் உடம்பிலும் இருக்கும் நல்ல ஜீன்தான். செல்லுக்கு வெளியிலிருந்து 'வளர்ந்துகொள்' என்று ஒரு செய்தி வரும்போது, அதை உள்ளே கடத்துவது அதன் வேலை. வாசலில் இருக்கும் காலிங் பெல் சுவிட்சை நினைத்துக்கொள்ளுங்கள். விரலை வைத்தால் மணி அடிக்கும், எடுத்தால் நிற்கும். கே-ராஸ் புரதத்தில் ஜி.டி.பி. என்ற மூலக்கூறு முழுதாக ஒட்டியிருக்கும் வரை மணி அடிக்கிறது. அதிலிருந்து ஒரு பாஸ்பேட் கழன்று விழுந்தால் மணி நிற்கிறது. கழற்றிவிட ஒரு துணைப் புரதம் வந்து, தன் விரல் போன்ற ஒரு பகுதியை உள்ளே நுழைக்க வேண்டும். கே-ராஸ் புரதத்தின் 12-வது இடத்தில் இருப்பது கிளைசின். அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியது அதுதான் என்பதால் நுழைய இடம் இருக்கிறது.

உங்கள் தந்தையாரின் கட்டியில் அந்த இடத்தில் ஒரே ஓர் எழுத்து மாறிவிட்டது. ஜீனின் 35-வது எழுத்து `G` என்பதற்குப் பதில் `A`. அதனால் கிளைசின் போய், அதைவிடப் பெரிய அஸ்பார்டிக் அமிலம் வந்து உட்கார்ந்துவிட்டது. துணைப் புரதத்தால் உள்ளே நுழைய முடியவில்லை, பாஸ்பேட் கழலவில்லை. சுவிட்ச் உள்ளே மாட்டிக்கொண்டது. வாசலில் யாருமே இல்லை, மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. இப்படி நல்ல நிலையில் இருக்கும்போது இந்த வகை ஜீனுக்குப் புரோட்டோ ஆன்கோஜீன் என்று பெயர். மாட்டிக்கொண்ட பிறகு அதுவே ஆன்கோஜீன்.

கேட்காது என்று சொன்ன ஊசி செடுக்சிமாப் அல்லது பானிடுமுமாபாக இருக்கும். இவை செல்லின் வெளிப்புறத்தில் இருக்கும் ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற ஏற்பியை மூடுபவை. அதாவது, வாசலுக்கு வருபவரின் விரலைத் தடுத்து நிறுத்துகின்றன. சுவிட்சே மாட்டிக்கொண்ட வீட்டில் விரலைத் தடுத்து என்ன பயன்? பணம் செலவாகும், முகத்திலும் மார்பிலும் பரு போலக் கிளம்பும், கட்டி குறையாது. பெருங்குடல் புற்றுநோயில் ஏறக்குறைய பத்தில் நான்கு பேருக்குக் கே-ராஸ் இப்படி மாறியிருக்கிறது. அதனால்தான் அந்த ஊசிக்கு முன் இந்தப் பரிசோதனை கட்டாயம். உங்கள் டாக்டர் சொன்னது சரி. வழக்கமான கீமோதெரபிக்கும், அதோடு சேர்க்கும் பெவசிசுமாபுக்கும் கே-ராஸ் தடையில்லை. பெவசிசுமாப் கட்டிக்கு வரும் ரத்தக் குழாய் வளர்ச்சியைத் தடுப்பது, அதன் பாதை வேறு.

இணையத்தில் 'கே-ராஸுக்கு மாத்திரை வந்துவிட்டது' என்று படித்திருப்பீர்கள். சோடோரசிப், அடாக்ரசிப் இரண்டும் உண்மைதான். ஆனால் அவை `G12C` வகைக்கு மட்டும். அங்கே 12-வது இடத்தில் சிஸ்டீன் வந்திருக்கும், அதன் கந்தக அணுவில் மருந்து கொக்கி போல மாட்டிக்கொள்ளும். உங்கள் தந்தையாருக்கு `G12D`. கொக்கி மாட்ட அங்கே கந்தகம் இல்லை. கடைசி எழுத்து `C`-யா `D`-யா என்று பார்க்காமல் யாரும் அந்த மாத்திரைக்காகப் பணம் புரட்ட வேண்டாம்.

இரண்டாவது வரி ஏ.பி.சி. இது கட்டியை அடக்கும் ஜீன். பீட்டா-கேட்டனின் என்ற புரதம் செல்லில் தேங்கினால், அது உட்கருவுக்குள் போய்ச் செல்லைப் பெருகச் சொல்லும். அதைத் தேங்கவிடாமல் அவ்வப்போது பிடித்து அழிக்கக் கொடுக்கும் கூட்டத்தில் ஏ.பி.சி.யும் ஒன்று. அதன் புரதம் மொத்தம் 2,843 அமினோ அமிலம் நீளம். ரிப்போர்ட்டில் `R1450` என்பதற்குப் பின்னால் இருக்கும் நட்சத்திரக் குறிக்கு 'இங்கே நிறுத்து' என்று பொருள். பாதி வழியில், 1,449-வதோடு புரதம் முடிந்துவிடுகிறது. பீட்டா-கேட்டனினை முறையாகக் கட்டுப்படுத்தத் தேவையான பகுதிகள் அறுந்துபோன பாதியில் இருக்கின்றன.

இங்கேதான் மருந்து விஷயம் பிரிகிறது. அளவுக்கு மேல் வேலை செய்யும் புரதத்தை ஒரு மருந்து போய் அடைக்கலாம். இல்லாத புரதத்தை எதைக் கொண்டு அடைப்பது? அறுந்த பிரேக் கம்பியைத் திரும்பக் கட்ட வேண்டும், அதுவும் கட்டியின் ஒவ்வொரு செல்லிலும். சரி, தேங்கிய பீட்டா-கேட்டனினையாவது அடைக்கலாமே என்றால், குடலின் உட்சுவர் ஓயாமல் புதுப்பிக்கப்படுவதற்கு நல்ல செல்களுக்கும் அதே புரதம் வேண்டும். அதனால்தான் மருந்தில்லை என்றார்கள். சிகிச்சையே இல்லை என்று அதற்கு அர்த்தமில்லை.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. ஒவ்வொரு ஜீனும் அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதி. வீட்டில் இரண்டு காலிங் பெல் இருந்தால் ஒன்று மாட்டிக்கொண்டாலே போதும், சத்தம் தாங்காது. கே-ராஸ் அப்படித்தான், ஒரு பிரதி கெட்டாலே போதும். சைக்கிளுக்கு முன் பிரேக், பின் பிரேக் என்று இரண்டு. ஒன்று அறுந்தாலும் மற்றது நிறுத்தும், இரண்டும் அறுந்தால்தான் ஆபத்து. ஏ.பி.சி. இந்த வகை. இரண்டு பிரதியும் கெட வேண்டும் என்ற இந்தக் கணக்கை 1971-இல் முதலில் சொன்னவர் ஆல்ஃபிரட் நட்சன், குழந்தைகளின் கண்ணில் வரும் ரெட்டினோபிளாஸ்டோமாவை வைத்து.

உங்கள் ரிப்போர்ட்டிலேயே இது தெரிகிறது. `VAF` என்பது, படித்த பிரதிகளில் எத்தனை சதவீதத்தில் மாற்றம் இருந்தது என்பது. நூறு செல் எடுத்துக்கொள்வோம். எடுத்த துண்டில் கட்டிச் செல்லின் பங்கு 60% என்பதால் 60 கட்டிச் செல், 40 நல்ல செல். மொத்தம் 200 பிரதி. கே-ராஸ் ஒரு கட்டிச் செல்லுக்கு ஒரு பிரதி வீதம் கெட்டிருந்தால் 60 பிரதி, அதாவது 30%. ரிப்போர்ட் 29 என்கிறது, பொருந்துகிறது. ஏ.பி.சி.யும் ஒரு பிரதிதான் கெட்டிருந்தால் அதே 30 அருகில் வர வேண்டும். வந்திருப்பது 58. கட்டிச் செல்லில் இரண்டு பிரதியும் கெட்டிருந்தால் 120 பிரதி, 60%. இதுதான் பொருந்துகிறது. முதலில் ஒரு பிரதி அறுந்திருக்கிறது. பிறகு செல் நல்ல பிரதியை இழந்து, அந்த இடத்தில் கெட்டதையே இன்னொரு நகல் எடுத்துக்கொண்டிருக்கிறது.

இதே கணக்கு உங்கள் கடைசிக் கேள்விக்கும் உதவும். அந்த ஏ.பி.சி. கோளாறு தந்தையாருக்குப் பிறவியிலேயே இருந்திருந்தால், மீதி 40 நல்ல செல்லிலும் ஆளுக்கொரு கெட்ட பிரதி இருக்கும். 120-உடன் 40 சேர்த்தால் 160, அதாவது 80%. 58 அதற்கு வெகு தூரம். ஆனால் இதை மட்டும் நம்பி முடிவு கட்டக் கூடாது. 60% என்பது நோயியல் மருத்துவர் மைக்ராஸ்கோப்பில் கண்ணால் பார்த்து மதிப்பிட்டது, கூடக்குறைய இருக்கலாம். பிறவிக் கோளாறோடு இரண்டாவது பிரதி வேறு விதமாகக் கெட்டிருந்தாலும் எண் 50 பக்கம் நிற்கும்.

கணக்கைவிடப் பலமான சாட்சி கொலோனோஸ்கோபி. பிறவியிலேயே ஏ.பி.சி. ஒரு பிரதி கெட்டுப் பிறந்தவர்களுக்குக் குடல் முழுக்க நூற்றுக்கணக்கில், சிலருக்கு ஆயிரக்கணக்கில் பாலிப் கிளம்பும். பெரும்பாலும் பதின்ம வயதிலேயே தொடங்கிவிடும். குடலை எடுக்காவிட்டால் 40 வயதுவாக்கில் புற்றுநோய் ஏறக்குறைய நிச்சயம். 64 வயது, இரண்டே பாலிப் என்பது அந்த நோயின் முகமல்ல. பாலிப் 10-க்கு மேல் இருந்தாலோ, 50 வயதுக்கு முன் நோய் வந்திருந்தாலோ கதை வேறு. அப்போது முதலில் நோயாளியின் ரத்தத்தில் அதே மாற்றம் இருக்கிறதா என்று பார்ப்போம். ரத்தத்தில் இருந்தால் பிறவி, கட்டியில் மட்டும் இருந்தால் வாழ்நாளில் வந்தது. கே-ராஸ் `G12D` பற்றி உங்களுக்கும் தம்பிக்கும் கவலையே வேண்டாம். அது கட்டிக்குள் உண்டானது, பிள்ளைகளுக்கு இறங்குவதில்லை.

ஒரு விஷயம் மட்டும் கேட்டு வாங்குங்கள். லிஞ்ச் என்று இன்னொரு பரம்பரைக் குடல் புற்றுநோய் இருக்கிறது, அதில் பாலிப் அதிகம் இருக்காது. நீங்கள் அனுப்பிய வரிகளில் அதற்கான விவரம் இல்லை. பயாப்சி எடுத்த மெழுகு பிளாக் லேபில் இருக்கும். அதிலேயே எம்.எல்.எச்.1, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6, பி.எம்.எஸ்.2 என்ற நான்கு புரதங்களுக்குச் சாயம் போட்டுப் பார்த்தார்களா என்று கேளுங்கள். பார்க்கவில்லை என்றால் அதே பிளாக்கில் செய்யலாம், மறுபடி குத்தத் தேவையில்லை. நான்கும் இருந்தால் லிஞ்சுக்கான வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும். ஏதாவது ஒன்று காணாமல் போயிருந்தால் தந்தையாருக்கே இம்யூனோதெரபி என்ற வழி திறக்கும், அடுத்து உங்கள் குடும்பத்துக்கும் ரத்தப் பரிசோதனை பற்றிப் பேச வேண்டியிருக்கும்.

நான்கும் சரியாக இருந்தால், நீங்கள் 40 வயதில் முதல் கொலோனோஸ்கோபி செய்துகொள்ளுங்கள், தம்பியும் அவருடைய 40-இல். அதற்கு முன்பே மலத்தில் ரத்தம், காரணமில்லாத ரத்தசோகை, வாரக்கணக்கில் மாறிப்போன மலப் பழக்கம் என்று ஏதாவது வந்தால் 40 வரை காத்திருக்க வேண்டாம். மூலம்தான் என்று நீங்களாக முடிவு செய்துகொண்டு களிம்பு தடவிக்கொண்டும் இருக்க வேண்டாம்.