ரீலில் எல்லாம் இருக்கிறது, வேலைதான் வரவில்லை

"அனிமேஷன் படித்து முடித்துவிட்டேன். கேரக்டர் அனிமேட்டராக வேண்டும் என்று ஆசை. மாடலிங், வாக் சைக்கிள், லோகோ அனிமேஷன், என் ஓவியங்கள் எல்லாவற்றையும் சேர்த்து மூன்று நிமிட ஷோரீல் அனுப்புகிறேன். ஒரு ஸ்டுடியோவும் பதில் போடவில்லை. எனக்கென்று தனி ஸ்டைல் இல்லாததுதான் காரணமா? ரீல் லிங்க் இணைத்திருக்கிறேன்."

ஸ்டைல் காரணமில்லை. உங்கள் ரீலைப் பார்த்தேன். உங்கள் பெயர் சுழன்று சுழன்று வருவதற்கே 12 விநாடி போகிறது. அப்புறம் ஒரு காரின் மாடல், பிறகு லோகோ. கேரக்டர் நடிப்பு என்று சொல்லத்தக்க முதல் ஷாட், அந்தப் பெட்டி தூக்கும் ஷாட், ஒன்றே முக்கால் நிமிடம் கழித்துத்தான் வருகிறது. ரீல்களைத் தேர்வு செய்கிற சீனியர் அனிமேட்டர் தன் ஷாட் வேலைக்கு நடுவில், வந்து குவிந்தவற்றை அடுத்தடுத்துப் பார்ப்பவர். அவர் அந்த இடம்வரை காத்திருக்க மாட்டார். காரைப் பார்த்ததுமே, மாடலிங் வேலைக்கு வந்த ரீல் போலிருக்கிறது என்று ஒதுக்கிவிடுவார்.

ஆகவே கேரக்டர் அனிமேஷனுக்கென்று தனி ரீல் வெட்டுங்கள். ஒரு நிமிடம் போதும். பெயரும் 'கேரக்டர் அனிமேட்டர்' என்ற வார்த்தையும் மின்னஞ்சலும் அசையாத ஒரே அட்டையில் 3 விநாடி. உடனே உங்கள் சிறந்த ஷாட். அடுத்த சிறந்ததைக் கடைசிக்கு வையுங்கள். நடுவில் இரண்டு, மூன்று போதும். ஒரு ஷாட்டை வைக்கலாமா வேண்டாமா என்று யோசனை வந்தாலே அதை எடுத்துவிடுவது நல்லது. பலவீனமான ஒரு ஷாட் மற்ற எல்லாவற்றின் மேலும் சந்தேகத்தைக் கிளப்பும். இவருக்குத் தன் தவறு கண்ணில் படவில்லையோ என்று ரீலைப் பார்ப்பவர் நினைப்பார்.

உங்களுக்கு முதலில் வர வேண்டியது அந்தப் பெட்டி ஷாட்தான். ஆனால் அதில் ஒரு குறை இருக்கிறது. கை பெட்டியைத் தொட்ட அதே பிரேமில் பெட்டி மேலே கிளம்பிவிடுகிறது. அதனால் அட்டைப்பெட்டி காலியாக இருப்பதுபோல் தெரிகிறது. பிடி இறுகட்டும், இடுப்பு இன்னும் கொஞ்சம் தாழட்டும், தோள் இழுபடட்டும். அதற்கு விநாடிக்கு 24 பிரேம் வேகத்தில் ஒரு 6 முதல் 8 பிரேம் கொடுங்கள். அதன் பிறகு பெட்டி தரையை விட்டு எழட்டும். எழுந்த பிறகு உடல் பின்னால் சாய்ந்து பெட்டியின் எடையைச் சமன் செய்ய வேண்டும். இப்போது நிமிர்ந்தே நிற்கிறது.

அதே ஷாட்டில் திரும்பும்போது இடது கால் தரையில் வழுக்குகிறது. ஓடும் வேகத்தில் உங்களுக்குத் தெரியாது. கால்விரல் இருக்கும் இடத்தைத் திரையில் ஒரு புள்ளியாகக் குறித்துக்கொண்டு பிரேம் பிரேமாக நகர்த்திப் பாருங்கள்; கால் ஊன்றியிருக்கும்வரை விரல் புள்ளியைவிட்டு நகரக் கூடாது. முழங்கால் ஒரே பிரேமில் வெடுக்கென்று நீள்கிறதா என்பதும் இப்படிப் பார்த்தால் பிடிபடும்.

லைட்டிங்குக்காக வாரக்கணக்கில் உட்கார வேண்டாம். மென்பொருள் திரையிலிருந்து அப்படியே எடுக்கும் முன்னோட்ட வீடியோவான சாம்பல் நிற பிளேபிளாஸ்ட்டே போதும். அனிமேஷன் ரீலில் அசைவைத்தான் பார்க்கிறார்கள். ரிக், அதாவது பாத்திரத்தை அசைக்க உதவும் உள் கட்டமைப்பு, எது என்பதைத் திரையின் கீழ் மூலையில் சின்ன எழுத்தில், 'ரிக்: இலவச ரிக், என் வேலை: அனிமேஷன் மட்டும்' என்று போடுங்கள். எல்லோரும் பயன்படுத்தும் ரிக் என்பது பார்க்கிறவருக்குத் தெரியும்; அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. குழுவாகச் செய்த ஷாட்டில் உங்கள் பங்கைச் சொல்லாமல் விடுவதுதான் ஆபத்து. அதே ஷாட் இன்னொருவர் ரீலிலும் வரும்.

மென்பொருள் பட்டியலில் 'மாயா 90 சதவீதம்' என்று கோடு போட்டிருக்கிறீர்கள். அது எதில் 90 என்று யாருக்கும் புரியாது. 'மாயாவில் அனிமேஷன், கிராஃப் எடிட்டரில் பாலிஷ். பிளெண்டரில் எளிய ரிக் செய்வேன்' என்று எழுதினால் உங்களிடம் எந்த வேலையைக் கொடுக்கலாம் என்று தெரியும். இரண்டு நாள் திறந்து பார்த்த மென்பொருளைச் சேர்க்காதீர்கள்.

இனி ஸ்டைல். ஸ்டுடியோவில் நீங்கள் பெரும்பாலும் வேறொருவர் வடிவமைத்த பாத்திரத்தைத்தான் அசைக்கப் போகிறீர்கள். கார்ட்டூன் பாணி ஒன்று, இயல்பான நடிப்பு ஒன்று என்று இரண்டுக்கும் கை வளைவதைக் காட்டினால் உதவும். ஓவியங்களின் கதை வேறு. புத்தகத்துக்கோ விளம்பரத்துக்கோ படம் கேட்கும் வாடிக்கையாளர், பார்த்த படம் போலவே தனக்கும் வேண்டும் என்றுதான் வருவார். அங்கேதான் ஸ்டைல் வேண்டும். ஒரே கையில் வரைந்ததுபோல் இருக்கும் ஒரு 10 படங்களைத் தனிப் பக்கத்தில் வையுங்கள், ரீலுக்குள் வேண்டாம்.

அனுப்பும்போது தரவிறக்காமல் அப்படியே ஓடுகிற லிங்காகக் கொடுங்கள். கடவுச்சொல் இருந்தால் அதே மின்னஞ்சலில் எழுதிவிடுங்கள். பயிற்சிக் காலத்தில் செய்த, இன்னும் வெளிவராத படத்தின் ஷாட் ஏதாவது இருந்தால், அந்த ஸ்டுடியோ எழுத்தில் அனுமதி தரும்வரை சேர்க்காதீர்கள்.