300 ஜிஎஸ்எம் அட்டை ஏன் பிரிண்டருக்குள் போகவில்லை? – தாள் பற்றிய கேள்வி பதில்

ஐப்பசி பிறந்தால் தாள் சிக்குவது பற்றிய கேள்விகளும் கூடிவிடும். இந்த முறை வந்தவற்றில் சில இங்கே.

ஆண்டு விழாவுக்கு 150 சான்றிதழ் வேண்டும். கெட்டியாக இருக்கட்டும் என்று தலைமையாசிரியர் 300 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டு வாங்கித் தந்தார். பள்ளி லேசர் பிரிண்டரில் முதல் தாளே முனை மடங்கி உள்ளே நின்றுவிட்டது. பிரிண்டரில் கோளாறா?
– பள்ளி ஆசிரியர், மன்னார்குடி

பிரிண்டரில் கோளாறு இல்லை, அட்டைதான் அதற்கு ஒத்துவரவில்லை. கீழே இருக்கும் ட்ரேயிலிருந்து எடுக்கப்படும் தாள், ஒரு ரோலரைச் சுற்றி அரைவட்டமாக வளைந்துதான் மேலே ஏறும். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு. 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்று 5 கிராம் இருக்கும். உங்கள் அட்டை ஒன்று ஏறக்குறைய 19 கிராம். அது அந்த வளைவில் மடங்காமல் முட்டி நிற்கும். முனை மடங்கியிருப்பதே அதற்கு அடையாளம்.

முதலில் பிரிண்டரின் கையேட்டைப் பாருங்கள். ட்ரேக்கு ஒரு உச்சவரம்பும், கையால் தாள் வைத்துச் செலுத்தும் பைபாஸ் ட்ரேக்கு வேறொரு உச்சவரம்பும் போட்டிருப்பார்கள். சிறிய ஆபீஸ் பிரிண்டர்கள் பலவற்றில் பைபாஸ் வழியாகவே 163 ஜிஎஸ்எம் வரைதான் போகும். 300 ஜிஎஸ்எம்மை அதில் திணித்துப் பார்க்க வேண்டாம். ஒன்றிரண்டு போனாலும் ரோலர் வழுக்கி எழுத்து கோணலாகும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் பளபளப்பில்லாத 160 ஜிஎஸ்எம் தாள் வாங்குவேன். சான்றிதழுக்கு மதிப்பு தருவது கனம் மட்டுமில்லை. லேசான தந்த நிறத் தாளை ஃபிரேமுக்குள் போட்டால் கனத்தை யார் பார்க்கப் போகிறார்கள்? வரிவரியாகப் புடைத்த தாளைத் தவிர்த்துவிடுங்கள். பள்ளமான இடங்களில் டோனர் சரியாகப் பிடிக்காது, பெயர் அங்கங்கே விட்டுவிட்டுத் தெரியும்.

பைபாஸ் ட்ரேயைத் திறந்து, பின்பக்கக் கதவு உள்ள பிரிண்டர் என்றால் அதையும் திறந்துவையுங்கள். அப்போது தாள் பெரிதாக வளையாமல் நேராகப் போய் வெளியே விழும். பிரிண்ட் கொடுக்கும் திரையில் Paper Type என்ற இடத்தில் Thick அல்லது Heavy என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். பிரிண்டர் வேகத்தைக் குறைத்து, டோனர் உருகிப் பிடிக்கத் தேவையான சூட்டைக் கொடுக்கும். இதை விட்டுவிட்டால் தாள் நன்றாகவே வெளியே வரும், ஆனால் பெயரை விரலால் தேய்த்தால் கையோடு வந்துவிடும். மேடையில் கொடுக்கும்போதுதான் இது தெரியவந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று. கடையில் பெரிய தாளை மெஷினில் வெட்டித் தரும்போது வெட்டிய ஓரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இரண்டு தாள் சேர்ந்து போவதற்குப் பாதிக் காரணம் இதுதான். பத்துப் பத்தாகப் பிரித்து நான்கு ஓரத்தையும் விசிறிவிட்டுப் போடுங்கள்.

தலைமையாசிரியருக்கு 300 ஜிஎஸ்எம்தான் வேண்டுமென்றால், வேலையை அப்படியே பிரஸ்ஸுக்குக் கொடுத்துவிடுங்கள். பார்டரை மட்டும் அங்கே அடித்து, பெயரைப் பள்ளி பிரிண்டரில் ஏற்றலாம் என்று நினைக்காதீர்கள். அட்டை அப்போதும் வளைவில் நிற்கும். மெல்லிய தாளில் அப்படிச் செய்வதென்றாலும், லேசர் பிரிண்டரில் போடப்போகிறோம் என்று பிரஸ்ஸில் முன்பே சொல்லிவிட வேண்டும். இங்க் காயாமல் இருந்தாலோ தங்க ஃபாயில் ஒட்டியிருந்தாலோ, பிரிண்டரின் சூட்டில் உருகி உள்ளே ரோலரில் ஒட்டிக்கொள்ளும்.

எங்கள் இ-சேவை மையத்தில் மழை நாளில் பிரிண்டரிலிருந்து புகை வருகிறது. கூடவே தாளும் சிக்குகிறது. தீப்பிடிக்குமோ என்று பயமாக இருக்கிறது.
– நாகப்பட்டினம்

கருகல் வாடை அடித்தால் ஸ்விட்சை அணைத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். வாடை இல்லாமல், வெள்ளையாக எழும்பி உடனே கரைகிறது என்றால் அது நீராவி. ஈரம் குடித்த தாள் சூடான உருளைக்குள் போகிறது, அந்த ஈரம் ஆவியாகிறது, அவ்வளவுதான். வெளியே வந்த தாளும் அப்பளம்போல் சுருண்டிருக்குமே?

கடலோரத்தில் அடைமழைக் காலத்தில் இது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். தாளின் நடுப்பகுதியைவிட ஓரம் முதலில் ஈரத்தை இழுக்கும். ட்ரேயை வெளியே இழுத்து, தாள் கட்டைக் கண் மட்டத்துக்குத் தூக்கி ஓரத்தைப் பாருங்கள். அலை அலையாக இருந்தால் ஈரம் ஏறிவிட்டது என்று பொருள். அந்தக் கட்டை எடுத்துவிட்டுப் புது ரீம் போட்டுப் பாருங்கள். சிக்கல் நின்றுவிட்டால் பிரிண்டரைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

அன்றன்றைக்கு வேண்டிய அளவு மட்டும் ட்ரேயில் வையுங்கள். சாயங்காலம் மிச்சத்தை எடுத்து ரீம் உறையிலேயே சுற்றி, மேலே ஒரு பாலித்தீன் பை போட்டு மூடிவிடுங்கள். கட்டுகளைச் சிமென்ட் தரையிலோ சுவரை ஒட்டியோ வைக்க வேண்டாம். மரப்பலகையில் படுக்கவைத்தால் போதும். பழைய தாள் மீதே புதுசை அடுக்கினால் அடியில் இருப்பது மாதக்கணக்கில் அங்கேயே ஊறிக்கொண்டிருக்கும்.

சிலர் ஈரத் தாளை வெயிலில் காயவைக்கிறார்கள். மேல்பக்கம் மட்டும் காய்ந்து ஒரே பக்கமாக வளைந்துவிடும், இன்னும் மோசமாகச் சிக்கும். அப்படிப்பட்ட தாளைக் குறிப்பு எழுதப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

கும்பகோணத்தில் விடுதி நடத்துகிறேன். கோயில்களைப் பற்றி மூன்றாக மடிக்கும் பிரவுச்சர் போட்டேன். கிளாஸி தாள், 170 ஜிஎஸ்எம், கலர் லேசர். மடிப்பில் வண்ணம் உதிர்ந்து வெள்ளைக்கோடு தெரிகிறது.
– விடுதி உரிமையாளர்

டோனர் தாளுக்குள் ஊறுவதில்லை, மேலே படிந்து நிற்கும். மடிக்கும்போது வெடிக்கும். கனமான தாளில் இன்னும் அதிகமாக வெடிக்கும்.

தாளுக்கு ஒரு நாரோட்டம் உண்டு. தாளை மடிக்காமல் இரண்டு திசையிலும் லேசாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் இலகுவாக வளைகிறதோ, அந்த மடிப்புக்கோட்டின் திசையில்தான் நார் ஓடுகிறது. உங்கள் மடிப்பும் அதே திசையில் வர வேண்டும். ஏ4 தாளைப் படுக்கையாக வைத்து மூன்றாக மடித்தால் மடிப்பு 210 மில்லிமீட்டர் பக்கத்தோடு ஓடும். நார் நீளவாக்கில் ஓடினால் குறுக்கே உடையும். தாள் வாங்கும்போதே கடையில் இதைச் சொல்லி வெட்டச் சொல்லுங்கள்.

அடுத்த முறை 130 ஜிஎஸ்எம் மேட் தாளுக்கு வாருங்கள். லேசருக்கு ஏற்றது என்று உறையில் போட்டிருக்க வேண்டும். இங்க்ஜெட் போட்டோ தாளை லேசரில் போட்டால் அதன் பூச்சு உருகி, டோனரைச் சூட்டில் பதிக்கும் ஃபியூசரையே கெடுத்துவிடும். மேட் தாளில் இன்னொரு வசதி, கிளாஸி தாள்கள்போல ஒன்றோடொன்று அவ்வளவாக ஒட்டிக்கொள்வதில்லை. மடிக்கும் இடத்தில் முதலில் கோடாக அழுத்திக் கிரீஸிங் செய்துவிட்டு மடியுங்கள். மடிப்புக்கோட்டின் மேல் அடர்நிறம் வராமல் டிசைனை மாற்றினால் உதிர்வது கண்ணுக்கே தெரியாது. உள்ளே மடியும் பக்கத்தை 97 மில்லிமீட்டராகவும் மற்ற இரண்டையும் 100 ஆகவும் வையுங்கள். மூன்றும் 99 என்றால் உள்பக்கம் முட்டி உப்பிக்கொண்டு நிற்கும்.

தினசரி ஜெராக்ஸுக்கு 70 ஜிஎஸ்எம் போதுமா? உறையில் 75 என்று போட்டிருப்பதை நம்பலாமா?
– ஜெராக்ஸ் கடை, திருவாரூர்

ஒரு பக்க நகலுக்கு 70 போதும். இரண்டு பக்கமும் அடிப்பதென்றால் 75 அல்லது 80 வாங்குங்கள். மெல்லிய தாளில் பின்பக்க எழுத்து தெரியும், திரும்பி வரும்போது சுருண்டு சிக்கவும் வாய்ப்பு அதிகம்.

நம்பலாமா என்பதற்குத் தராசு பதில் சொல்லும். 500 தாள் கொண்ட ஏ4 ரீம் 80 ஜிஎஸ்எம் என்றால் இரண்டரைக் கிலோ, 75 என்றால் சுமார் 2 கிலோ 340 கிராம், 70 என்றால் 2 கிலோ 180 கிராம். உறையின் எடை தனி. பக்கத்து மளிகைக் கடைத் தராசே போதும். மழை நாளில் ஈரம் ஏறிய ரீமும் சற்றுக் கூடுதலாகக் காட்டும், அதனால் உறை பிரிக்காததை நிறுங்கள்.