கோடு மங்குவது நேரக் குறைவால் அல்ல

கேள்வி: மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் ஓடும் வாகன விளக்குகளைக் கோடுகளாக எடுக்க, பல்ப் மோடில் ஷட்டரை 4 நிமிடம் திறந்து வைத்தேன். கோடுகள் மங்கலாக விழுகின்றன, சில இடங்களில் நெளிகின்றன. இன்னும் அதிக நேரம் திறந்து வைக்க வேண்டுமா?

வேண்டாம். நேரத்தைக் கூட்டினால் கோடு நீளும், கோடுகள் பெருகும், பிரகாசம் கூடாது. ஓடும் விளக்கு சென்சாரின் எந்தப் புள்ளியிலும் கண நேரம்தான் தங்குகிறது. அந்தக் கணத்தில் பதியும் ஒளியை அபர்ச்சரும் ஐஎஸ்ஓவும்தான் முடிவு செய்கின்றன. அசையாத மரமும் வானமும் மட்டுமே நேரம் ஏற ஏற வெளுக்கும். அந்த வெளுப்புக்குப் பயந்து அபர்ச்சரைக் குறுக்கியிருப்பீர்கள். கோடு அங்கேதான் மங்கியது.

ஐஎஸ்ஓ 100, f/8, 30 வினாடியில் ஒரு சோதனைப் படம் எடுத்து, பின்னணி சரியாக வந்தது என்று வைத்துக்கொள்வோம். அதே f/8-இல் 4 நிமிடம் என்றால் பின்னணிக்கு 8 மடங்கு ஒளி. சரிக்கட்ட f/22 போனால் பின்னணி அடங்கும். கோடும் எட்டில் ஒரு பங்காகிவிடும்.

இதற்கு நான் நம்புவது ஒரு கறுப்பு அட்டையை. f/8-ஐ மாற்றாமல் ரிமோட்டின் பொத்தானை அழுத்திப் பூட்டுங்கள். சாலை காலியாக இருக்கும்போது அட்டையை லென்ஸின் முன், அதைத் தொடாமல் பிடியுங்கள். வண்டி சட்டகத்துக்குள் நுழையுமுன் விலக்கி, வெளியேறியதும் மூடுங்கள். ஒரு வண்டி கடக்க 10 வினாடி என்றால், 4 நிமிடக் காத்திருப்பில் 3 வண்டிகளுக்குத் திறந்திருப்பது 30 வினாடிதான். தாமதமாக விலக்கினால் கோடு அந்தரத்தில் தொடங்கும். முகப்பு விளக்கு நேராக லென்ஸைப் பார்க்கும் வளைவில் ஒரு நொடி மறைத்துவிடுவேன். இல்லையென்றால் அந்த இடம் வெள்ளைத் திட்டாகிவிடும்.

நெளிவுக்கு, படத்தைப் பெரிதாக்கித் தெருவிளக்கைப் பாருங்கள். அதுவும் இழுபட்டிருந்தால் கேமரா ஆடியிருக்கிறது: காற்றில் ஆடும் தோள்பட்டை வார், தொங்கும் ரிமோட் கம்பி, முக்காலியின் உயர்த்திய நடுத்தண்டு, அணைக்க மறந்த ஸ்டெபிலைசேஷன். தெருவிளக்கு கூர்மையாக இருந்தால் நெளிவு சாலைப் பள்ளத்தில் வண்டி குலுங்கியது, அதை விட்டுவிடலாம்.

முன்னால் ஒரு மைல்கல் இருந்தால், அட்டை விலகியிருக்கும் நேரத்தில் டார்ச்சால் அதைத் தீட்டலாம். கேமரா பக்கத்திலிருந்து அடித்தால் கல் தட்டையாகத் தெரியும். பக்கவாட்டில் தள்ளி நின்று, ஓட்டுநர்களின் கண்ணில் படாமல், ஒளியை அசைத்துக்கொண்டே தடவுங்கள். கல் அசையாதது என்பதால் இங்கே நேரம் கணக்கில் சேரும்: ஒருமுறை தடவியது போதாவிட்டால், அடுத்த வண்டி வரும்போது இன்னொரு முறை தடவலாம்.