எல்லோரும் ‘நன்று’ என்று சொன்ன தொலைநோக்கு அறிக்கை

கேள்வி: ஒரு மருத்துவமனையின் வெளிநோயாளர் பிரிவுக்கு முன்பதிவு மென்பொருள் உருவாக்கும் எட்டுப் பேர் கொண்ட குழுவை நடத்துகிறேன். விரிவான திட்டமிடலுக்கு அமர்ந்தால் ஆளுக்கொரு மென்பொருளை மனத்தில் வைத்துக்கொண்டு வாதிடுகிறார்கள். தொலைநோக்கு அறிக்கை ஒன்றை எழுதி அனுப்பினேன். எல்லோரும் ‘நன்று’ என்றார்கள், ஆனால் வாதம் ஓயவில்லை. எங்கே தவறினேன்?

பதில்: எட்டுப் பேரும் ‘நன்று’ என்று சொன்னதையே நான் முதல் அறிகுறியாகக் கொள்வேன். நீங்கள் அனுப்பியதை நான் பார்க்கவில்லை. எனினும் ‘எளிமையான, நம்பகமான, தரமான சேவை’ போன்ற சொற்கள் அதில் இருந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். ஒரு வாக்கியத்தை எதிர்மறையாக்கிப் பாருங்கள். சிக்கலான, நம்ப முடியாத சேவை வேண்டும் என்று எவரும் கேட்கமாட்டார்கள் என்றால், அந்த வாக்கியம் எதையும் தீர்மானிக்கவில்லை என்று பொருள்.

ஆகவே அறிக்கையை ஒதுக்கிவிட்டு, செய்யப்போகும் பொருளை ஓரிரு வரியில் சொல்லிவிடும் எலிவேட்டர் பிட்ச்சிலிருந்து தொடங்குங்கள். சந்தைப்படுத்தல் நூலாசிரியர் ஜெஃப்ரி மூர் 1991இல் புதிய பொருள்களைச் சந்தைப்படுத்துவதற்காக முன்வைத்த வார்ப்பு இதற்கு இன்றும் போதுமானது: யாருக்காக, அவர்களுடைய இடர்ப்பாடு என்ன, நாம் செய்வது எவ்வகைப் பொருள், அதன் முதன்மைப் பயன் என்ன, இப்போது அவர்கள் கைக்கொள்ளும் மாற்றுவழி எது, அதிலிருந்து நம்முடையது எதில் வேறுபடுகிறது. இதை நீங்கள் தனியே நிரப்பக் கூடாது. எட்டுப் பேரும், மருத்துவமனையின் சார்பில் முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவரும், ஒருவரோடொருவர் பேசாமல் பத்து நிமிடம் எழுதட்டும். பிறகு ஒவ்வொரு கட்டத்துக்கும் வந்த விடைகளை அருகருகே ஒட்டுங்கள். பேச்சோடு தொடங்கினால் மூத்தவரின் விடையே எல்லோருடைய விடையாகிவிடும். நீங்கள் தேடும் கருத்து வேறுபாடு தாளுக்கு வராமலே மறைந்துவிடும்.

உங்கள் குழுவில் ‘யாருக்காக’ என்ற கட்டத்தில் நான்கு பேர் நோயாளி என்றும், மூவர் வரவேற்பு மேசை ஊழியர் என்றும், ஒருவர் நிர்வாகம் என்றும் எழுதியதாகக் கொள்வோம். இவை மூன்றும் ஒரே மென்பொருளின் மூன்று முகங்கள் அல்ல. நோயாளிக்குத் தன் முறை எப்போது வரும் என்பது தெரிய வேண்டும். ஊழியருக்குத் தொலைபேசி அழைப்புகள் குறைய வேண்டும். நிர்வாகத்துக்கு மருத்துவரின் நேரம் வீணாகாதிருக்க வேண்டும். மூவரையும் காற்புள்ளியிட்டு ஒரே வரியில் சேர்க்கும் ஆசை இந்த இடத்தில் எழும். அதற்கு இணங்கினால் வாதம் திட்டமிடல் கூட்டத்துக்கு இடம் மாறுமே தவிரத் தீராது. ஒருவரை முதன்மையாகத் தேர்வது குழுவின் வாக்கெடுப்பால் ஆகக்கூடியதன்று. பணம் ஒதுக்குபவர்தான் அதைச் சொல்ல வேண்டும்.

அவர் நோயாளியைத் தேர்ந்தார் என்றால், பிட்ச் இவ்வாறு அமையலாம்:

“மருத்துவரைப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும் என்பதை வரிசையில் அமர்ந்த பிறகே அறியும் வெளிநோயாளர்களுக்காக, வீட்டிலிருந்தே நேரம் பதிவு செய்துகொள்ளும் சேவை இது. இப்போதுள்ள தொலைபேசியும் பதிவேடும் போலன்றி, மருத்துவர் தாமதித்தால் காத்திருப்போரின் நேரத்தையும் உடனுக்குடன் திருத்திச் சொல்லும்.”

இதில் அதிக உழைப்பைக் கோருவது ‘போலன்றி’ என்று முடியும் பகுதி. பலரும் அங்கே போட்டி நிறுவனத்தின் மென்பொருளை எழுதுவார்கள். ஆனால் பெரும்பாலும் உண்மையான மாற்றுவழி பதிவேடும் பேனாவும்தான். அந்த மாற்றுவழியால் ஏன் முடியவில்லை என்று கேட்டதனால்தான் தாமதத்தைத் தெரிவிப்பது முதன்மை வேறுபாடாக வெளிப்பட்டது.

இனி, நீங்கள் வாதிட்டுக்கொண்டிருக்கும் பணிகளை இந்த வரிகளின் மேல் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு நோயாளியும் ஆலோசனை அறைக்குள் செல்வதையும் வெளியேறுவதையும் யாரேனும் பதியாவிட்டால் நேரத்தைத் திருத்த இயலாது. ஆகவே அறை வாசலில் செவிலியர் பயன்படுத்தும் சிறு திரை முதல் வெளியீட்டிலேயே வந்தாக வேண்டும். இணையவழிக் கட்டணமும் நிர்வாகத்துக்கான மாத அறிக்கையும் பின்னே போகும். ஒரு பணியையேனும் பின்னே தள்ளாத பிட்ச் இன்னும் அகலமாக இருக்கிறது, மீண்டும் எழுதுங்கள்.

தொலைநோக்கு அறிக்கையை இதற்குப் பிறகு எழுதுவது எளிது. பிட்ச் நாம் செய்யும் பொருளைப் பற்றியது; அறிக்கை அந்தப் பொருள் வந்தபின் நிலவ வேண்டிய நிலையைப் பற்றியது. ஆகவே அதில் மென்பொருளின் பெயரே வரத் தேவையில்லை: “எங்கள் வெளிநோயாளர், தமக்குச் சொல்லப்பட்ட நேரத்திலிருந்து இருபது நிமிடத்துக்குள் மருத்துவரைப் பார்க்கிறார்.” அந்த இருபது என் எடுத்துக்காட்டு மட்டுமே. ஒரு வாரம் வரிசையை அளந்து பார்த்துவிட்டு, மருத்துவமனை ஒப்புக்கொள்ளும் எண்ணை இடுங்கள்.

செலவையும் முடிவுத் தேதியையும் இவ்விரண்டிலிருந்தும் பெற முயலாதீர்கள். அவை விரிவான திட்டமிடலின் வேலை. எழுதியதை எட்டுப் பேரும் படித்த பிறகு, ‘இதனால் நாம் எதைச் செய்யப்போவதில்லை?’ என்று ஒவ்வொருவரையும் தனித்தனியே கேளுங்கள். விடைகள் ஏறத்தாழ ஒன்றாக வரும் நாளில் திட்டமிடல் கூட்டத்தைக் கூட்டலாம்.